புதிய ஃப்ரீலான்சருக்கான அறிமுகக் கேரசல்: எட்டு ஸ்லைடுகளை எழுதி, வடிவமைத்து, வெளியிடுவது எப்படி?

ஒரே பதிவில் பல படங்களை வரிசையாக வைத்து, விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும்படி போடுவதுதான் கேரசல். தனியாகத் தொழில் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இன்ஸ்டாகிராமில் முதலில் போடுவது இதைத்தான். முதல் ஸ்லைடில் "வணக்கம், நான் இன்னார்" என்று தொடங்கி, படித்த படிப்பு, பிடித்த விஷயங்கள், "உங்கள் ஆதரவு தேவை" என்று முடித்துவிடுவார்கள். நண்பர்களும் உறவினர்களும் வந்து "வாழ்த்துகள்" என்று எழுதுவார்கள். வேலை கேட்டு ஒருவரும் வரமாட்டார்கள். அந்தப் பதிவில் வேலை கொடுக்கக்கூடியவருக்கு என்று ஒரு வரிகூட இருக்காது என்பதே காரணம்.

இந்த வழிகாட்டி ஒரே ஓர் எடுத்துக்காட்டைப் பிடித்துக்கொண்டு போகிறது. வீட்டிலிருந்தபடி தமிழ் மெய்ப்புத் திருத்தம் செய்யத் தொடங்கும் ஒருவர் இன்ஸ்டாகிராமில் போடும் அறிமுகக் கேரசல். இதற்கு முன் பள்ளியில் ஆறு ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தவர் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் தொழில் வேறாக இருந்தால் வாசகங்களை மாற்றிக்கொள்ளுங்கள். வேலையின் வரிசை மாறாது.

செலவு, நேரம், கையில் இருக்க வேண்டியவை

பணச் செலவு எதுவும் இல்லை. கேன்வாவின் இலவசக் கணக்கு போதும். தமிழ் எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. வாட்ஸாப் பிசினஸ் செயலிக்கும் கட்டணம் கிடையாது.

நேரம் மூன்று மாலைகள் ஆகும். ஒன்று எழுத, ஒன்று வடிவமைக்க, ஒன்று சோதித்து வெளியிட. பலரும் எழுதும் மாலையை விட்டுவிட்டு நேராகக் கேன்வாவைத் திறந்து டெம்ப்ளேட் தேடுகிறார்கள். டெம்ப்ளேட்டில் மூன்று கட்டங்கள் இருந்தால் சொல்வதற்கு மூன்று விஷயம் தேடுவார்கள். அப்படிப் பிறக்கும் ஸ்லைடுகளில் விஷயம் இருக்காது.

உட்காருவதற்கு முன் ஐந்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். முகம் தெளிவாகத் தெரியும் ஒரு புகைப்படம். உங்கள் வேலையைக் காட்டும் ஒரு மாதிரி. கட்டணத்தின் அலகும் தொகையும். வேலை முடிக்க ஆகும் நாட்கள். வீட்டு எண்ணாக இல்லாத ஒரு தொடர்பு எண். மாதிரி இன்னொருவருடைய பிரதியிலிருந்து எடுத்ததாக இருந்தால் அவருடைய அனுமதி எழுத்தில் வேண்டும். "உங்கள் நாவலின் இந்த மூன்று வரிகளைத் திருத்தத்துக்கு முன்னும் பின்னும் என் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் காட்டலாமா? உங்கள் பெயர் வராது" என்று வாட்ஸாப்பில் கேட்டு, "சரி" என்று பதில் வந்தால் போதும். அந்த உரையாடலை அழிக்காமல் வைத்திருங்கள்.

1. "யாருக்கு" என்ற வரியை முதலில் எழுதுங்கள்

நான் யார், என்ன செய்கிறேன், யாருக்கு உதவுகிறேன் என்பவை மூன்று கேள்விகள். காட்டும்போது எந்த வரிசையில் வந்தாலும், எழுதும்போது மூன்றாவதிலிருந்து தொடங்குங்கள். அது முடிவாகிவிட்டால் மற்ற இரண்டிலும் எதைச் சொல்ல வேண்டும், எதை விட வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

நமது மெய்ப்புத் திருத்துநர் முதலில் இப்படி எழுதுவார்: "எழுத்தாளர்கள், பதிப்பகங்கள், ஆய்வு மாணவர்கள், நிறுவனங்கள் அனைவருக்கும்." யாரையும் விட்டுவிடக் கூடாது என்ற பயம் இதற்குக் காரணம். ஆனால் இந்த நால்வருக்கும் வேண்டியது வேறு வேறு. பதிப்பகத்துக்குத் தனக்கென்று ஓர் எழுத்து நடை இருக்கும், அதன்படி திருத்தித் தரும் ஆள் வேண்டும். ஆய்வு மாணவருக்கு அடிக்குறிப்பும் துணைநூற்பட்டியலும்தான் தலைவலி. நிறுவனத்துக்கு வேண்டியது பெரும்பாலும் மொழிபெயர்ப்பு. நால்வருக்கும் பொதுவாக ஒரு ஸ்லைடு எழுதினால் "தரமான சேவை, குறித்த நேரத்தில்" என்பதைத் தவிர அதில் எழுத எதுவும் இருக்காது.

இவரால் உடனே உதவ முடிந்தவர் ஒருவரே: முதல் நாவலையோ சிறுகதைத் தொகுப்பையோ சொந்தச் செலவில் வெளியிடப்போகிறவர். அவருக்குப் பின்னால் பதிப்பகம் இல்லை. அச்சுக்குப் போகுமுன் பிரதியைப் படிக்க வேறு கண்கள் இல்லை. பணம் கொடுப்பது யார் என்று யாரிடமும் கேட்க வேண்டியதும் இல்லை, அவரேதான்.

வரியை எழுதிய பிறகு அதோடு ஒரு வேளையையும் சேருங்கள். அந்த ஆளுக்கு நீங்கள் எப்போது தேவைப்படுகிறீர்கள்? இங்கே, பிரதியை எழுதி முடித்து, அச்சகத்துக்கு அனுப்புவதற்குச் சற்று முன். இந்த வேளைதான் முதல் ஸ்லைடின் வாசகமாக மாறப்போகிறது. வேளை தெரியவில்லை என்றால் "யாருக்கு" என்பது இன்னும் முடிவாகவில்லை என்று பொருள். கேன்வாவைத் திறக்காதீர்கள்.

2. செய்வதையும் செய்யாததையும் பிரித்து எழுதுங்கள்

வேலையின் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் புரிந்துவிடும் என்று நினைப்பது அடுத்த தவறு. "மெய்ப்புத் திருத்தம்" என்றால் கதையையே செப்பனிட்டுத் தருவார் என்று ஒருவர் நினைப்பார். பக்கங்களை அழகாக அமைத்தும் தருவார் என்று இன்னொருவர் நினைப்பார். வேலை பாதியில் இருக்கும்போது இது தெரியவந்தால் இரு பக்கமும் மனக்கசப்புதான்.

செய்வது நான்கு: ஒற்றுப் பிழை, சொற்களைச் சேர்த்தும் பிரித்தும் எழுதுவதில் வரும் பிழை, நிறுத்தற்குறி, ஒரே பெயரையோ சொல்லையோ நூல் முழுக்க ஒரே மாதிரி எழுதியிருக்கிறதா என்ற சோதனை. முதல் அத்தியாயத்தில் "இராமலிங்கம்" என்று வந்தவர் பதினான்காவதில் "ராமலிங்கம்" ஆகியிருப்பார். எழுதியவர் கண்ணுக்கு இது படவே படாது.

செய்யாதது மூன்று: வாக்கியத்தை மாற்றி எழுதுவது, கதைப்போக்கில் கை வைப்பது, பக்க வடிவமைப்பு.

இவற்றோடு ஒரு வரி கட்டாயம் சேர வேண்டும்: "உரையாடலில் உள்ள வட்டார வழக்கைத் தொடமாட்டேன்." முதல் நாவல் எழுதியவருக்கு உள்ளூர ஒரு பயம் இருக்கிறது. தன் பாட்டி பேசிய பேச்சைப் பிழை என்று நினைத்துத் திருத்திவிடுவார்களோ என்பது அது. அந்தப் பயத்துக்கு ஸ்லைடிலேயே பதில் கிடைத்துவிட்டால் அவர் பிரதியை அனுப்பத் தயங்கமாட்டார். உங்கள் தொழிலிலும் இப்படி ஒரு பயம் இருக்கும். புகைப்படக்காரர் என்றால் எடுத்த படங்கள் எப்போது கைக்கு வரும் என்பது. தையல்காரர் என்றால் கொடுத்த துணியில் மீதி என்ன ஆகிறது என்பது. அதைக் கண்டுபிடித்து ஒரே வரியில் பதில் எழுதுங்கள்.

3. ஒரு மாதிரி: முன்னும் பின்னும்

எட்டு ஸ்லைடுகளில் மிகுந்த நேரம் செலவழிக்க வேண்டியது இதற்குத்தான். புதியவரிடம் வாடிக்கையாளர் பாராட்டுகள் இருக்காது, முடித்த நூல்களின் அட்டைகள் இருக்காது. இந்த ஒரு ஸ்லைடுதான் அவற்றின் இடத்தை நிரப்ப வேண்டும்.

அனுமதி வாங்கிய பிரதி இல்லையென்றால் நீங்களே மூன்று வரி எழுதலாம், தவறில்லை. ஸ்லைடின் கீழே "மாதிரிக்காக எழுதியது" என்று குறிப்பிட்டுவிடுங்கள்.

முன்:

அவன் கதவை தட்டினான். உள்ளே இருந்து ஒரு குரல் கேட்டது, அந்த குரலை அவன் முன்பே கேட்டு இருக்கிறான்.

பின்:

அவன் கதவைத் தட்டினான். உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. அந்தக் குரலை அவன் முன்பே கேட்டிருக்கிறான்.

திருத்தங்கள் ஐந்து. "கதவை" என்பதில் இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்படையாக நிற்பதால் அடுத்து வரும் வல்லினம் மிகும். "அந்த" என்ற சுட்டுக்குப் பின்னும் அப்படியே. "உள்ளேயிருந்து", "கேட்டிருக்கிறான்" இரண்டும் சேர்த்து எழுத வேண்டியவை. ஒரு கருத்து முடிந்த இடத்தில் காற்புள்ளி போய் முற்றுப்புள்ளி வந்திருக்கிறது. ஸ்லைடில் இந்த இலக்கண விளக்கம் வேண்டாம். மாறிய ஐந்து இடங்களுக்கும் ஒரே வண்ணம் கொடுத்து, கீழே "இரண்டு வரியில் ஐந்து திருத்தம்" என்று மட்டும் எழுதுங்கள். படிக்கிறவர் தன் பிரதியில் எத்தனை இருக்கும் என்று தானே கணக்குப் போட்டுக்கொள்வார்.

இங்கே பலர் விழும் ஒரு குழி உண்டு. "ஒரு குரல் கேட்டது. அந்தக் குரலை அவன் முன்பே கேட்டிருக்கிறான்" என்பதை "கேட்டுப் பழகிய குரல்" என்று சுருக்கினால் வாக்கியம் இன்னும் நன்றாக இருக்கும் என்று கை துறுதுறுக்கும். மாற்றாதீர்கள். அது செம்மையாக்கம், வேறு வேலை, அதற்குக் கட்டணமும் வேறு. மாதிரியில் எதைக் காட்டுகிறீர்களோ அதைத்தான் வாங்க வருவார்கள். மெய்ப்புத் திருத்தக் கட்டணம் வாங்கிக்கொண்டு நாவல் முழுவதையும் திருப்பி எழுத வேண்டிய நிலை இந்த ஒரு ஸ்லைடால் வந்துவிடும். எந்தத் தொழிலானாலும் நீங்கள் விற்கும் கட்டணத்துக்குள் அடங்கும் வேலையை மட்டும் மாதிரியாகக் காட்டுங்கள்.

4. கட்டணமும் நாளும்: அலகைச் சொல்லுங்கள்

"கட்டணத்துக்கு டிஎம் செய்யுங்கள்" என்று எழுதினால் விலை தெரியாததால் கேட்கவே கூச்சப்படுகிறவர் போய்விடுவார். சொந்தப் பணத்தில் நூல் போடுகிறவருக்கு முதல் கேள்வியே எவ்வளவு ஆகும் என்பதுதான். எனவே தொகையைச் சொல்லுங்கள். தொகைக்கு முன் அலகைச் சொல்லுங்கள்.

"பக்கத்துக்கு ₹30" என்று மட்டும் எழுதினால் தகராறு நிச்சயம். எழுத்தின் அளவையும் வரி இடைவெளியையும் குறைத்தால் 140 பக்கப் பிரதி 100 பக்கமாகச் சுருங்கிவிடும், உங்கள் வேலை குறையாது. எனவே "250 சொற்கள் ஒரு பக்கம்" என்று வரையறுத்துக்கொள்ளுங்கள். வேர்டில் கோப்பைத் திறந்தால் கீழ்ப்பட்டையிலேயே சொல் எண்ணிக்கை தெரியும். 30,000 சொற்கள் என்றால் 120 பக்கம், ₹3,600. இந்தக் கணக்கை அப்படியே ஸ்லைடில் போடுங்கள். தொகை நமது எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொண்டது, உங்களுடையதை நீங்கள் போடுங்கள்.

எண்ணிக்கை "கோப்பு கைக்கு வந்த நாளில் உள்ளபடி" என்றும் சேர்க்க வேண்டும். திருத்தும்போது "கேட்டு இருக்கிறான்" என்ற இரண்டு சொல் "கேட்டிருக்கிறான்" என்று ஒன்றாகிவிடும். நூல் முழுக்க இப்படிச் சேர்த்தால் முடிவில் எண்ணிக்கை குறைந்துதான் இருக்கும்.

நாட்களைச் சொல்லும்போது இரண்டு வாசிப்புக்கும் கணக்குப் போடுங்கள். நாளுக்கு 15 பக்கம் என்றால் முதல் வாசிப்பு 8 நாள். இரண்டாம் வாசிப்பு நாளுக்கு 30 பக்கம், 4 நாள். ஆக 12. இரண்டு நாள் கூட்டி "14 நாள்" என்று எழுதுங்கள். "விரைவில்" என்று எழுதாதீர்கள், அச்சகத்தில் நாள் குறித்துவிட்டவருக்கு அது பதிலாகாது.

கோப்பின் வகையும் இங்கேயே வரட்டும்: "யூனிகோடில் தட்டச்சு செய்த வேர்ட் கோப்பு." பாமினி போன்ற பழைய எழுத்துருவில் உள்ள கோப்பை யூனிகோடுக்கு மாற்றும்போது புதிய பிழைகள் முளைக்கும். அந்த வேலையையும் சேர்த்துச் செய்வதானால் அதற்குத் தனிக் கட்டணம் சொல்லுங்கள்.

5. எட்டு ஸ்லைடுகளின் வரிசை

இப்போது எழுதியவற்றை அடுக்கலாம்.

ஸ்லைடு 1, அழைப்பு: "முதல் நாவலை எழுதி முடித்துவிட்டீர்களா? அச்சகத்துக்கு அனுப்பும் முன் இதைப் பாருங்கள்." பெயரும் இல்லை, வணக்கமும் இல்லை. தன்னைப் பற்றியது என்று உரியவர் நிற்க வேண்டும், மற்றவர் கடந்து போகலாம்.

ஸ்லைடு 2, நான் யார்: புகைப்படம், பெயர், ஊர். கீழே இரண்டே வாக்கியம்: "ஆறு ஆண்டுகள் பள்ளித் தமிழாசிரியர். இப்போது, சொந்தமாக நூல் வெளியிடுகிறவர்களுக்கு மெய்ப்புத் திருத்தித் தருகிறேன்." முதல் ஸ்லைடைத் தள்ளாமல் கடந்துபோனவருக்கு இன்ஸ்டாகிராம் அதே பதிவை இரண்டாவது ஸ்லைடிலிருந்து மறுபடி காட்டுவது உண்டு. எனவே இது தனியாக நின்றாலும் விளங்க வேண்டும்.

ஸ்லைடு 3, என்ன செய்கிறேன்: மேலே சொன்ன நான்கு.

ஸ்லைடு 4, மாதிரி.

ஸ்லைடு 5, என்ன செய்யமாட்டேன்: மூன்றும், வட்டார வழக்கு பற்றிய வரியும்.

ஸ்லைடு 6, வேலை நடக்கும் முறை: கோப்பு வரும், இரண்டு பக்கம் இலவசமாகத் திருத்தி அனுப்புவேன், பிடித்திருந்தால் பாதிப் பணம், 14 நாளில் திருத்தங்கள் தெரியும்படி கோப்பு திரும்ப வரும், மீதிப் பணம்.

ஸ்லைடு 7, கட்டணம்.

ஸ்லைடு 8, அடுத்து என்ன செய்ய வேண்டும்: "உங்கள் பிரதியின் முதல் இரண்டு பக்கத்தை அனுப்புங்கள். மூன்று நாளில் திருத்தி அனுப்புகிறேன். இணைப்பு பயோவில்." ஒரே ஒரு வேலையைக் கேளுங்கள். பின்தொடருங்கள், பகிருங்கள், சேமியுங்கள், கருத்துச் சொல்லுங்கள் என்று நான்கு கேட்டால் ஒன்றும் நடக்காது.

இரண்டாம் ஸ்லைடைப் பற்றி ஒரு வார்த்தை. வேலை செய்திராத நூல்களின் எண்ணிக்கையைப் போடாதீர்கள். "50+ மகிழ்ச்சியான வாடிக்கையாளர்கள்" என்று டெம்ப்ளேட்டிலேயே வரும், அழித்துவிடுங்கள். எந்த நூல்கள் என்று ஒருவர் கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும். ஆறு ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியது உண்மையான தகுதி, அதைச் சொல்லுங்கள்.

6. வடிவமைப்பு: தமிழ் எழுத்துக்கே உரிய சிக்கல்கள்

அளவு 1080 × 1350 பிக்சல். எட்டும் ஒரே அளவில் இருக்கட்டும். சுயவிவரப் பக்கத்தின் கட்டங்கள் 2025 தொடக்கத்திலிருந்து 3:4 விகிதத்தில் தெரிகின்றன. இந்த அளவுப் படத்தில் அப்போது இடமும் வலமும் ஏறத்தாழ 34 பிக்சல் வெட்டுப்படும். எனவே எந்த எழுத்தும் ஓரத்திலிருந்து 100 பிக்சல் உள்ளே இருக்கட்டும். மேல் வலது மூலையில் "1/8" என்ற எண்ணைச் செயலியே காட்டும், அந்த இடத்தைக் காலியாக விடுங்கள்.

ஆங்கில டெம்ப்ளேட்டில் தமிழைப் போட்டால் மூன்று இடத்தில் இடிக்கும்.

முதலாவது சொல்லின் நீளம். பெரிய எழுத்தில் "வெளியிடவிருக்கிறவர்களுக்கு" என்று போட்டால் ஒரு வரியில் அடங்காது. செயலி கண்ட இடத்தில் உடைத்து, "க்கு" மட்டும் அடுத்த வரியில் தனியாக நிற்கும். எழுத்தைச் சிறிதாக்குவது இதற்குத் தீர்வாகாது. "வெளியிடுகிறவருக்கு" என்று சொல்லைச் சுருக்குங்கள். அல்லது வாக்கியத்தை "வெளியிடப் போகிறீர்களா?" என்று திருப்புங்கள். ஒவ்வொரு வரியும் எங்கே முடிய வேண்டும் என்பதை நீங்களே என்டர் தட்டி முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது வரி இடைவெளி. மேலே "கி", "ர்", கீழே "ழு", "ணு" என்று தமிழ் எழுத்து இரு பக்கமும் நீளும். ஆங்கிலத்துக்கு வைத்த இடைவெளியில் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் புள்ளியும் முட்டிக்கொள்ளும். 1.4 முதல் 1.5 வரை வையுங்கள்.

மூன்றாவது எழுத்துரு. தமிழ் எழுத்தே இல்லாத ஓர் அலங்கார எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால் செயலி சொல்லாமலே தமிழுக்கு மட்டும் வேறொன்றைப் போட்டுவிடும். எண்கள் ஒரு முகத்திலும் தமிழ் இன்னொரு முகத்திலும் தெரிந்தால் அதுதான் நடந்திருக்கிறது. Mukta Malar, Noto Sans Tamil, Catamaran மூன்றும் தமிழுக்கென்றே உருவானவை, பல தடிமன்களில் உள்ளவை. ஒன்றைத் தேர்ந்து, தலைப்புக்குத் தடித்ததும் உரைக்குச் சாதாரணமும் வைத்தால் போதும். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் செய்கிறவர்களுக்கு "கொ", "கோ" எழுத்துகளில் கொம்பு இடம் மாறி நிற்கும். அப்போது முன்னமைப்புகளில் டைப் பகுதிக்குப் போய், தெற்காசிய மொழிகளுக்கான எழுத்தமைப்பைத் தேர்ந்து, புதிய கோப்பைத் திறக்க வேண்டும்.

எழுத்தின் அளவுக்கு எளிய அளவுகோல் உண்டு. 1080 பிக்சல் அகலப் படம் போனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கித்தான் தெரியும். கணினித் திரையில் வசதியாகத் தெரிவது போனில் பொடியாகிவிடும். ஒரு ஸ்லைடை உங்கள் போனுக்கே அனுப்பி, கையை முழுதும் நீட்டிப் பிடித்துப் படியுங்கள். கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தால் சொற்களைக் குறையுங்கள். ஒரு ஸ்லைடுக்கு 30 சொல்லைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

பின்னணிக்கு வெளிர் நிறம் ஒன்று, எழுத்துக்குக் கறுப்பு, திருத்தங்களுக்கு ஒரு வண்ணம். இதற்கு மேல் வேண்டாம். புகைப்படத்தைச் சன்னலைப் பார்த்து நின்று, பகல் வெளிச்சத்தில் எடுங்கள். சன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருண்டுவிடும்.

7. மூன்று பேரிடம் சோதியுங்கள்

வெளியிடுவதற்கு முந்தைய நாள், எட்டுப் படங்களையும் மூன்று பேருக்கு அனுப்புங்கள். ஒருவராவது கதை எழுதுகிறவராக இருக்கட்டும். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள். நல்லாத்தான் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். அவர்கள் ஒருமுறை தள்ளிப் பார்த்ததும் இந்த மூன்றைக் கேளுங்கள்: இது யாருக்கு? இவர் என்ன செய்து தருவார்? வேண்டுமென்றால் அடுத்து என்ன செய்ய வேண்டும்?

முதல் கேள்விக்கு "எழுத்தாளர்களுக்கு" என்று பொதுவாகப் பதில் வந்தால் ஸ்லைடு 1 தெளிவாக இல்லை. இரண்டாவதற்கு "கதையைத் திருத்தித் தருவார்" என்று வந்தால் மாதிரியைப் பாருங்கள், அங்கே எங்கோ வாக்கியத்தை மாற்றியிருப்பீர்கள். மூன்றாவதற்குத் தயங்கினால் கடைசி ஸ்லைடில் ஒன்றுக்கு மேல் கேட்டிருக்கிறீர்கள்.

பிழை பார்ப்பது தனி வேலை. மெய்ப்புத் திருத்துநரின் ஸ்லைடில் ஓர் ஒற்று விடுபட்டால் கதை முடிந்தது. கடைசி ஸ்லைடிலிருந்து முதல் ஸ்லைடுக்குப் பின்னோக்கி, சொல் சொல்லாகப் படியுங்கள். வரிசையாகப் படித்தால் எழுதியதை விட்டுவிட்டு, எழுத நினைத்ததைத்தான் கண் படிக்கும்.

8. வெளியிடும்போது

படங்களைப் பிஎன்ஜி வடிவில் தரவிறக்குங்கள், எழுத்தின் ஓரம் கலங்காமல் இருக்கும். போனில் தேர்ந்தெடுக்கும்போது தொட்ட வரிசைதான் ஸ்லைடு வரிசை. ஒவ்வொரு படத்தின் மேலும் தெரியும் எண்ணைப் பார்த்துத் தொடுங்கள். அவசரத்தில் 4-ம் 5-ம் இடம் மாறிப்போவது அடிக்கடி நடக்கிறது.

வெளியான பிறகு கேப்ஷனைத் திருத்தலாம். படத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் வேறு படம் வைக்க வழியில்லை. ஆனால் பல படங்களில் ஒன்றை மட்டும் நீக்க முடியும். இதை மனத்தில் வைத்துத்தான் கட்டணத்துக்குத் தனி ஸ்லைடு கொடுத்தோம். கட்டணம் மாறும்போது ஏழாவதை மட்டும் நீக்கிவிட்டு, புதிய தொகையைக் கேப்ஷனில் எழுதிக்கொள்ளலாம். பதிவும் அதற்குக் கீழே வந்த கேள்விகளும் அப்படியே இருக்கும். இதே காரணத்துக்காக "7-வது ஸ்லைடில் பாருங்கள்" என்று வேறு எந்த ஸ்லைடிலும் எழுதாதீர்கள்.

கேப்ஷனில் விரிக்காமல் தெரிவது முதல் ஒன்றிரண்டு வரிகள்தான். அங்கே "வணக்கம் நண்பர்களே" வேண்டாம். "முதல் நாவலுக்கு மெய்ப்புத் திருத்தம். 14 நாள். முதல் இரண்டு பக்கம் இலவசம்" என்று தொடங்குங்கள்.

கேப்ஷனில் இடும் இணைப்பைத் தொட்டால் திறக்காது. இணைப்பின் இடம் பயோ. வாட்ஸாப் இணைப்பு இந்த வடிவில் இருக்க வேண்டும்:

```
https://wa.me/91XXXXXXXXXX
```

91-க்கு முன் கூட்டல் குறியோ சுழியமோ வேண்டாம், நடுவில் இடைவெளியும் வேண்டாம். போட்ட பிறகு வேறொரு போனிலிருந்து தொட்டுப் பாருங்கள். எண்ணைப் படத்தின் மேல் அச்சிடாதீர்கள். அந்தப் படம் எங்கெங்கோ போகும், திரும்பப் பெற முடியாது. நள்ளிரவு அழைப்புகளால் தொல்லைப்படுவது குறிப்பாகப் பெண்கள்தான். தொழிலுக்கென்று தனி எண் வாங்கி வாட்ஸாப் பிசினஸில் போட்டுவிட்டால், வேலை நேரத்துக்கு வெளியே தானாகப் பதில் போகும்படி செய்துகொள்ளலாம்.

வெளியான உடனே பதிவைச் சுயவிவரத்தின் உச்சியில் பின் செய்துவிடுங்கள். மூன்று பதிவுகளை அப்படி வைக்கலாம், இது முதலாவதாக நிற்கட்டும். லிங்க்ட்இன்னிலும் போடுவதானால் அதே எட்டையும் ஒரே பிடிஎஃப் கோப்பாக்கி, ஆவணமாகப் பதிவேற்றுங்கள்.

9. முதல் கோப்பு வருவதற்கு முன்பே பதிலை எழுதி வையுங்கள்

இலவசமாக இரண்டு பக்கம் என்று சொன்னபின் சிலர் முழு நாவலையும் அனுப்புவார்கள். சிலர் கையால் எழுதிய பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புவார்கள். ஒவ்வொருவருக்கும் அந்த நேரத்தில் யோசித்துப் பதில் எழுதினால் ஒருவருக்குச் சொன்னது இன்னொருவருக்கு மாறிவிடும். வாட்ஸாப் பிசினஸில் விரைவுப் பதில் என்ற வசதியில் இதைச் சேமித்துக்கொள்ளுங்கள்:

"அனுப்பியதற்கு நன்றி. முதல் 500 சொற்களைத் திருத்தி, மூன்று நாளில் அனுப்புகிறேன். திருத்தங்கள் வேர்ட் கோப்பில் நிறம் மாறித் தெரியும். எதை ஏற்பது, எதை விடுவது என்பது உங்கள் முடிவு. உங்கள் கோப்பை வேறு யாருக்கும் அனுப்பமாட்டேன். நாவல் மொத்தம் எத்தனை சொற்கள், அச்சகத்துக்கு எந்தத் தேதியில் கொடுக்க வேண்டும் என்று சொன்னால் கட்டணமும் நாளும் அதே செய்தியில் தெரிவித்துவிடுவேன்."

"இரண்டு பக்கம்" என்று ஸ்லைடில் சொன்னதை இங்கே 500 சொல் என்று மாற்றியிருப்பதைக் கவனியுங்கள். அலகு ஸ்லைடு 7-ல் சொன்னதேதான். கோப்பை யாருக்கும் அனுப்பமாட்டேன் என்ற வரியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் எடுத்துவிடாதீர்கள். முதல் நாவலை முன்பின் தெரியாத ஒருவருக்கு அனுப்பியவர் அன்றிரவு நினைத்துக்கொண்டிருப்பது அதைப் பற்றித்தான்.